வடித்த கஞ்சியோடு போகும் வைட்டமின்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை பெரிபெரி என்ற நோய் ஆட்டிப்படைத்தது. கால்கள் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் இதில் ஏராளமாக மடிந்தார்கள். அதே மண்ணில் தோட்ட வேலைக்கு வந்திருந்த தமிழர்களுக்கோ நோய் அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டை 1907-இல் ஒரு நூலாகவே எழுதினார். சீனர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி.

பச்சரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று பிராடன் நினைத்தார். அது தவறு. ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜாவாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களுக்கு இரண்டு அரிசியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்து, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து வெளியேறுகிறது என்று கண்டார்கள். அந்தச் சத்துதான் பி1 வைட்டமின், அதாவது தயமின்.

வேடிக்கை என்னவென்றால், வைட்டமின்களில் சூட்டுக்கு எளிதில் பணிந்துபோவது இந்த பி1. ஆனால் நெல்லை அவித்தபோது அதுதான் பிழைத்தது. நெல்லை ஊறவைக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் தண்ணீரில் கரைந்து, அரிசியின் உள்ளே இறங்குகிறது. அவிக்கும்போது மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் தவிட்டை உரித்தாலும் பெரும்பகுதி அரிசியோடே தங்கிவிடுகிறது. ஆவியில் கொஞ்சம் அழியத்தான் செய்கிறது. ஆனால் தீட்டும் ஆலை எடுத்துக்கொள்வதோடு பார்த்தால் அது சொற்பம்.

சமையலறையிலும் கதை இப்படித்தான். சத்து போனால் அடுப்பின் மேல் பழி போடுகிறோம். கொட்டிய தண்ணீரை யாரும் சந்தேகிப்பதில்லை. பி வைட்டமின்களும் சி-யும் தண்ணீரில் கரைபவை. அரிசியை நாலைந்து தடவை அழுத்திக் கழுவி, சோற்றை வடித்து, கஞ்சியைச் சாக்கடையில் விட்டால், தயமினில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். நியாசின் என்கிற பி3 சூட்டுக்கு அசைந்துகொடுக்காத வைட்டமின். அதையும் வடிநீர் கொண்டுபோய்விடும்.

உண்மையிலேயே மென்மையானது சி. அதற்குச் சூடு, தண்ணீர், காற்று மூன்றுமே ஆகாது. முளைக்கீரையை எடுத்துக்கொள்வோம். அரிந்த உடனேயே இலையின் திசு கிழிந்து, அதிலுள்ள ஒரு நொதி சி-யை அழிக்கத் தொடங்கிவிடுகிறது. அரிந்த பிறகு அலசினால் வெட்டுவாயிலிருந்து சத்து கரைந்து ஓடும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் அந்த நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். மாறாக, முதலில் அலசி, பிறகு அரிந்து, கொதிக்கும் கொஞ்சம் தண்ணீரில் போட்டால் நொதி சீக்கிரமே செயலிழந்துவிடும். அப்படிச் செய்தாலும் சி-யில் ஒரு பகுதி போகும். நிறைய தண்ணீரில் நெடுநேரம் வேகவைத்து வடித்தால் பாதிக்கு மேலும் போகலாம். ஃபோலேட்டின் கதியும் ஏறக்குறைய இதுவே.

இங்கே கண்ணை ஏமாற்றுகிற ஒன்று உண்டு. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் கீரை பளிச்சென்று பச்சையாக நிற்கும், பருப்பும் சீக்கிரம் குழையும். பார்க்கச் சத்து நிறைந்ததாகத் தோன்றும். சோடாவின் காரத்தன்மையில் தயமினும் சி-யும் வேகமாகச் சிதைகின்றன. புளி அதற்கு நேரெதிர்: அது சேர்ந்தால் கீரை பழுத்த பச்சையாக மங்கும், ஆனால் புளிப்பில் இந்த இரண்டு வைட்டமின்களும் ஓரளவு பத்திரமாக இருக்கும்.

இனி சூட்டைத் தாங்குகிறவை. கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. சாதாரணமாக வேகவைப்பதில் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும், தண்ணீரிலும் கரையாது. அதோடு வேகும்போது இலையின் செல்சுவர் இளகுவதால், பச்சையாகத் தின்பதைவிட அதிகமாகவே உடலில் சேரும், கொஞ்சம் எண்ணெய் சேர்ந்திருந்தால். டி, கே இரண்டும் சமையலைத் தாங்குபவை. இ மட்டும் பொரிக்கிற எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது தேய்ந்துபோகிறது.

பாலில் இருக்கும் பி2 தனி ரகம். காய்ச்சினால் அதிகம் கெடாது, வெளிச்சம்தான் அதன் எதிரி. கண்ணாடிப் பாட்டிலில் பாலை வெயிலில் வைத்துவிட்டு, காய்ச்சியதால் சத்து போயிற்று என்று அடுப்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நாளைக்குக் கீரை வேகவைத்த தண்ணீர் மிஞ்சினால் கொட்டிவிடாதீர்கள், ரசத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள்.