ஃப்ளூ மாத்திரைக்கு 48 மணி நேரம், அக்கி மாத்திரைக்கு 72 மணி நேரம்... இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

கேரளாவின் ஆலப்புழா பக்கம் வாத்துகள் செத்து விழுந்தால், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். 2021 ஜனவரியிலும், 2024 ஏப்ரலிலும் அப்படித்தான் நடந்தது. பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம் கூடவே அடிபடும் மருந்து ஒசெல்டாமிவிர். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் எல்லோருக்கும் அறிமுகமானது இதுதான்.

கோழிக்கு வருவதும் பன்றிக் காய்ச்சலும் வேறு வேறு வைரஸ்தானே, மருந்து எப்படி ஒன்று? இரண்டுமே இன்ஃப்ளூயன்ஸா வகை. இரண்டின் மேற்பரப்பிலும் நியூராமினிடேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த மருந்தின் இலக்கு அதுதான்.

கத்தரியை மழுங்கடிக்கும் மாத்திரை

நம் தொண்டை, மூச்சுக்குழாய் செல்களின் மேல் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் இருக்கும். ஃப்ளூ வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே தன்னைப் பல நகல்கள் எடுக்கிறது. சிக்கல் வெளியே வரும்போதுதான். அதே சர்க்கரையில் புது வைரஸ்கள் பசை போல ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலை அறுத்துவிடும் கத்தரிதான் நியூராமினிடேஸ்.

ஒசெல்டாமிவிர் அந்தக் கத்தரியின் வாயில் போய் உட்கார்ந்துவிடும். புது வைரஸ்கள் பிறந்த செல்லிலேயே கும்பலாகச் சிக்கிக்கொள்ளும், பக்கத்து செல்லுக்குப் போக முடியாது. (இந்த மருந்துக்கான மூலப்பொருள் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக அன்னாசிப்பூவை மென்றால் காய்ச்சல் போகாது. ஆலையில் பல வேதிமாற்றங்களுக்குப் பிறகே அது மருந்தாகிறது.)

கவனித்தீர்களா? இந்த மாத்திரை ஏற்கெனவே பரவிவிட்ட வைரஸைக் கொல்வதில்லை, இனிமேல் பரவுவதைத்தான் தடுக்கிறது. ஃப்ளூவில் வைரஸின் எண்ணிக்கை முதல் இரண்டு, மூன்று நாளிலேயே உச்சத்துக்குப் போய்விடும். 'ரெண்டு நாள் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம்' என்று இருந்துவிட்டு மூன்றாம் நாள் தொடங்கினால், பூட்டு போடும்போது வீடு காலி. 48 மணி நேரக் கணக்கு வந்தது இப்படித்தான்.

அதற்காக எல்லோருக்கும் இது தேவையில்லை. ஆரோக்கியமான இளைஞருக்குக் காய்ச்சல் ஒரு நாள் முன்னதாகக் குறைவதே பெரிது, பதிலுக்கு வாந்தி, குமட்டல் வரலாம். கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. பன்றிக் காய்ச்சலுக்கான மத்திய அரசு வழிகாட்டுதலே, இவர்களுக்கு டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு 48 மணி நேரம் தாண்டியிருந்தாலும் கொடுப்பார்கள். அவர் உடம்பில் வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கொக்கி இல்லாத ரயில் பெட்டி

அக்கிக்குக் கொடுக்கும் ஆசிக்ளோவிர் வேறு ரகம். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்புகளில் பதுங்கியிருந்து, பல வருஷம் கழித்து எழும்புவதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சல், பிறகு கொப்புளம்.

இந்த வைரஸ் தன் டிஎன்ஏவை ரயில் கோப்பது போல, ஒவ்வொரு எழுத்தாக மாட்டி நீட்டும். ஆசிக்ளோவிர் அதில் ஒரு எழுத்தின் டூப்ளிகேட். முன்னால் இருக்கும் பெட்டியோடு இணையும், ஆனால் பின்னால் கொக்கி கிடையாது. அடுத்த பெட்டியை மாட்ட முடியாது, ரயில் அங்கேயே நின்றுவிடும். இன்னொரு நல்ல விஷயம், இந்த மருந்தை முதலில் 'ஆன்' செய்வதே வைரஸின் சொந்த நொதிதான். அதனால் வைரஸ் இல்லாத செல்களில் அது பெரும்பாலும் சும்மாவே கிடக்கும்.

இங்கேயும் கதை அதேதான். கட்டி முடித்த டிஎன்ஏவை இது கலைக்காது. அதனால்தான் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். 800 மில்லிகிராம், தினம் ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். கொப்புளம் சீக்கிரம் காயும், வலி குறையும். மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியை இது தடுக்குமா என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை.

சேலம், நாமக்கல் கிராமங்களில் இந்த 72 மணி நேரம் எங்கே போகிறது? நம் ஊர்ப் பழக்கப்படி அக்கி வந்தால் முதலில் போவது மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்கு. காவி குழைத்து கொப்புளத்தின் மேல் 'அக்கி எழுதுவார்கள்'. இரண்டு, மூன்று தடவை எழுதி முடித்து, எரிச்சல் தாங்காமல் டாக்டரிடம் வரும்போது கெடு முடிந்திருக்கும். எழுதுவதை நிறுத்தச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை, அன்றைக்கே மாத்திரையையும் தொடங்கிவிட்டால் போதும். காவியைப் புண் உடைந்த இடத்தில் மட்டும் தடவ விடாதீர்கள்.

மூன்று நாள் தாண்டிவிட்டது, ஆனால் புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருக்கிறது என்றால் அப்போதும் டாக்டர்கள் மருந்து தருவார்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் மணிக்கணக்கே பார்க்கக் கூடாது. கண்ணுக்குப் போகும் நரம்பில் வைரஸ் இறங்கியிருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.