இரண்டு நாள், ஒரு கேள்வி

மென்பொருள் குழுக்களில் ‘ஸ்பைக்’ என்றொரு பழக்கம் உண்டு. கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையோடு பரவியது. விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, குறித்த நேரம் மட்டும் ஆராய்வது.

பழைய தமிழ் ரசீதுகளைக் கணினி தானே படிக்குமா என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள், 50 ரசீதுகள். 45-இலாவது தொகை சரியாக வந்தால் வேலையைத் தொடங்கலாம். 30-க்குக் கீழே போனால் ஆள் வைத்துத் தட்டச்சு. இடையில் நின்றால், எந்த வகை ரசீது தவறுகிறது என்று பார்க்க ஒரே ஒரு நாள் கூடுதல். அப்போதும் 45-ஐ எட்டாவிட்டால் தட்டச்சுதான்.

இந்த விதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும். இரண்டாம் நாள் மாலை 38-இல் நிற்கும்போது, இன்னும் கொஞ்சம் முயன்றால் வந்துவிடும் என்றே எவருக்கும் தோன்றும்.

சோதனைக்காக அவசரமாக எழுதிய நிரலைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். மங்கிய மை, கைக்கணக்கு என்று தவறிய ரசீதுகளின் பட்டியல் மட்டும் கோப்பில் இருக்கும்.