ஒரு டொலரும் கட்டாமல் ஒரு கோடி நட்டம்

2022 மார்ச் 7ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, டொலரை 200 ரூபாவுக்கு அருகே பிடித்து வைத்திருந்த கையைத் தளர்த்தியது. அந்த மாதம் முடிவதற்குள் டொலர் 300 ரூபாவை நெருங்கிவிட்டது. இலங்கையில் பல நிறுவனங்களுக்கு மார்ச் 31தான் நிதியாண்டின் கடைசி நாள். டொலரில் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு இதைவிட மோசமான நேரம் அமைந்திருக்க முடியாது. ஒரு தவணைகூடக் கட்டாத நிறுவனங்களின் கணக்கிலும் அன்று பெரும் நட்டம் ஏறியது.

காசு கையை விட்டுப் போகாதபோது நட்டம் எங்கிருந்து வந்தது? ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். விகிதங்கள் அந்தக் காலத்தை ஒட்டியவை. எளிமைக்காக முழு எண்களாக்கியிருக்கிறேன். வட்டியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

பிளாஸ்டிக் போத்தல் செய்து உள்ளூரில் மட்டும் விற்கும் ஒரு தொழிற்சாலை, 2021 ஒக்டோபரில் வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்றிடம் 1,00,000 டொலர் கடன் வாங்கி இயந்திரம் ஒன்றை இறக்குமதி செய்கிறது. அன்று டொலர் 200 ரூபா. இயந்திரம் 2 கோடி, கடன் 2 கோடி என்று பேரேட்டில் பதிகிறார்கள். இரண்டு பக்கமும் பொருந்தி நிற்கின்றன.

மார்ச் 31 வருகிறது. டொலர் 300. கடன் அதே 1,00,000 டொலர்தான், ஆனால் அதை அன்று தீர்ப்பதென்றால் 3 கோடி ரூபா வேண்டும். பேரேட்டில் இன்னும் 2 கோடி என்றே விட்டுவைத்தால் நிறுவனம் தன் கடனைக் குறைத்துச் சொல்கிறது என்றே அர்த்தம். எனவே கடன் கணக்கில் 1 கோடி கிரெடிட், நாணயமாற்று நட்டக் கணக்கில் 1 கோடி டெபிட். அந்த நட்டம் நேரே அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. கடன் இன்னும் தீர்க்கப்படாததால் இதை ‘அன்ரியலைஸ்ட்’ நட்டம், அதாவது இன்னும் கைமாறாத நட்டம் என்கிறார்கள். காசோட்டக் கூற்றில் இந்த 1 கோடியைத் திரும்பக் கூட்டிவிடுவதும் இதனால்தான்.

முதலாளிமார் கோபப்படும் இடம் இதுதான். கடனை ஏற்றினீர்கள், சரி. இயந்திரத்தை ஏன் ஏற்றவில்லை? இன்று அதே இயந்திரத்தை வாங்கப் போனால் 3 கோடி அல்லவா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்கேஏஎஸ் 21 இரண்டையும் வேறு வகையாகப் பார்க்கிறது. கடன் என்பது குறிப்பிட்ட அளவு பணமாகத் தீர்க்கப்பட வேண்டியது. அத்தகைய பண உருப்படிகள் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் அன்றைய விகிதத்துக்கு மாற்றப்படும். செலவு அடிப்படையில் பதிந்த இயந்திரம் பணமாக வருவதில்லை. அது உழைத்துத் தேய்வது. எனவே வாங்கிய நாளின் விகிதத்திலேயே நிற்கும். விளைவு: தராசின் ஒரு தட்டு மட்டும் இறங்குகிறது.

இதற்கு ஒருகாலத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. எல்கேஏஎஸ் 21க்கு மூலமான சர்வதேச நியமம், நாணயம் கடுமையாக வீழ்ந்து, நிறுவனத்தால் அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாத நிலை இருந்தால், அண்மையில் வாங்கிய சொத்தின் விலையோடு நட்டத்தைச் சேர்க்க வரம்புகளோடு இடம் கொடுத்தது. 2003இல் திருத்தியபோது அந்த வாசலை மூடிவிட்டார்கள். இந்தியாவோ தன் பழைய நியமத்தில் எதிர்த் திசையில் போனது: 2009 மார்ச் 31 அன்று வந்த அரசு அறிவித்தல், நீண்டகால வெளிநாட்டு நாணயக் கடனில் எழும் வித்தியாசத்தை அந்தக் கடனில் வாங்கிய இயந்திரத்தின் விலையோடு சேர்க்க நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. என் பார்வையில் மூடியதே சரி. ரூபா சரிந்ததால் இயந்திரம் ஒரு போத்தல்கூடக் கூடுதலாகச் செய்யப்போவதில்லை. அந்த நட்டத்தை அதன் விலையில் ஒளித்து வைத்தால், தேய்மானம் என்ற பெயரில் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அது சிறிது சிறிதாகக் கசியும். படிப்பவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

வெறும் காகித நட்டம் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தேறிய சொத்து கூறப்பட்ட மூலதனத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டதாக ஒரு பணிப்பாளருக்குத் தெரிந்தால், பணிப்பாளர் சபை பங்குதாரர்களின் விசேட கூட்டத்தைக் கூட்ட வேண்டும். நம் தொழிற்சாலையின் மூலதனம் ஒன்றரைக் கோடியாகவும், சேர்த்து வைத்த இலாபம் ஏதும் இல்லாமலும் இருந்தால், அந்த ஒற்றைப் பதிவு போதும்.

கதை தொடர்கிறது. 2022 மே மாதத்தில் டொலர் 360 வரை ஏறியது. அது ஆண்டின் நடுவில் வந்து போன விலை என்பதால் ஆண்டிறுதிக் கணக்கைத் தொடவில்லை. 2023 மார்ச் 31இல் விகிதம் 327 அளவில் இருந்தது. கடன் இப்போது 3 கோடியே 27 இலட்சம். நட்டம் எவ்வளவு? போன ஆண்டு விட்ட இடத்திலிருந்து, 27 இலட்சம் மட்டும். முதல் நாளின் 200க்குத் திரும்பிப் போகக்கூடாது.

2023 ஜூனில் ரூபா சற்றுத் தலைநிமிர்ந்திருந்தபோது, 300 ரூபா விகிதத்தில் முழுக் கடனையும் கட்டிவிடுகிறார்கள். வங்கியிலிருந்து போனது 3 கோடி. பேரேட்டில் இருந்த கடன் 3 கோடியே 27 இலட்சம். மீதி 27 இலட்சம் அந்த ஆண்டின் நாணயமாற்று இலாபம்! 2 கோடி வாங்கி 3 கோடி கட்டியவர் இலாபம் காட்டுவது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். நட்டம் 1 கோடி, நட்டம் 27 இலட்சம், இலாபம் 27 இலட்சம். மொத்தத்தில் 1 கோடி நட்டம். கையிலிருந்து கூடுதலாகப் போனதும் அதே 1 கோடிதான்.

கணக்கெழுதுபவர் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான். 2 கோடிக் கடனுக்கு 3 கோடி கட்டினோம் என்ற நினைப்பில் கடன் கணக்கில் 2 கோடியை மட்டும் கழித்து, 1 கோடியை மறுபடியும் நட்டமாக எழுதிவிடுவார். ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளில் 1 கோடியே 27 இலட்சம் எழுதியாயிற்று என்பதை மறந்துவிடுகிறார். இதைக் கண்டுபிடிக்கக் கணக்காய்வாளர் ஆண்டுக்கணக்காக வவுச்சர்களைப் புரட்ட வேண்டியதில்லை. கடன் கணக்கில் ரூபா நிரலுக்குப் பக்கத்தில் டொலர் நிரலும் இருந்தால் போதும். டொலர் மீதி பூச்சியம், ரூபா மீதி 1 கோடியே 27 இலட்சம் என்று நின்றால், அங்கே யாருக்கும் கொடுக்க வேண்டியிராத ஒரு கடன் தொங்குகிறது.

தீர்க்கும் முன்பும் இதே சோதனைதான்: கடன் கொடுத்தவர் எழுத்தில் உறுதிப்படுத்திய டொலர் தொகையை ஆண்டிறுதி விகிதத்தால் பெருக்குங்கள், பேரேட்டு மீதியோடு ஒத்துப்போக வேண்டும். கட்டாமல் சேர்ந்திருக்கும் டொலர் வட்டியையும் மறக்கக்கூடாது. அதுவும் கடனைப் போலவே மார்ச் 31இல் மறுமதிப்புக்கு உள்ளாகும். பலரும் அசலை மட்டும் ஏற்றிவிட்டு வட்டியைப் பழைய விலையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைக்கு இதே கடன் இத்தனை கடித்திருக்காது. வெளிநாட்டு வாங்குபவர்கள் தர வேண்டிய டொலரும் அதே நாளில் ரூபாவில் பெருத்திருக்கும். ஒரு பக்க நட்டத்தை மறுபக்க இலாபம் ஓரளவு விழுங்கிவிடும். எனவே பங்கு வாங்க எண்ணி ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறப்பவர்கள், நாணயமாற்று நட்டத்தின் தொகையோடு நின்றுவிடாமல், அதன் டொலர் கடன் எவ்வளவு, டொலர் வருமானம் எவ்வளவு என்று குறிப்புகளில் தேடிப் பாருங்கள். ரூபாவில் விற்று டொலரில் கடன்பட்டிருக்கும் நிறுவனம் என்றால், இலாபம் காட்டிய ஆண்டிலும் அந்தப் பங்கை யோசித்தே தொடுங்கள்.