-7-ஐப் பாதியாக்கினால் எவ்வளவு?

கணினிக்கு இரண்டால் வகுப்பது எளிது. பிட்டுகளை எல்லாம் வலப்பக்கம் ஓரிடம் தள்ளினால் போதும். எட்டு பிட்டில் 7 என்பது 00000111. தள்ளினால் கடைசி 1 விழுந்து, 00000011, அதாவது 3 கிடைக்கும்.

சிக்கல் குறை எண்களில் தொடங்குகிறது. இன்றைய கணினிகளில் இடக்கோடி பிட்டின் மதிப்பு -128; மற்றவற்றுக்கு வழக்கம்போல 64, 32, 16 என்று இறங்குவரிசை. ஆகவே -7 என்பது 11111001. இதைத் தள்ளும்போது இடப்பக்கம் காலியாகும் இடத்தில் எதை வைப்பது? பூஜ்யத்தை வைப்பது லாஜிக்கல் ஷிஃப்ட்: 01111100 வரும், அது 124. இருந்த குறி பிட்டையே மறுபடி எழுதுவது அரித்மெடிக் ஷிஃப்ட்: 11111100 வரும், அது -4.

எட்டு பிட் எண்ணைப் பதினாறு பிட்டாக நீட்டும்போதும் இதே கேள்விதான். 11111001-க்கு முன்னால் எட்டு 1-கள் சேர்த்தால் -7 அப்படியே இருக்கும்; எட்டு 0-கள் சேர்த்தால் 249 ஆகிவிடும். வெப்பநிலை என்றால் முதலாவது சரி. படப்புள்ளியின் ஒளிர்வு என்றால் இரண்டாவது சரி. பிட்டுகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எண் எந்த வகை என்று நிரலில் அறிவித்திருப்பதே தீர்மானிக்கிறது.

சரி, குறி காப்பாற்றப்பட்டது. ஆனால் -7-இல் பாதி -3.5 அல்லவா? ஷிஃப்ட் -4 என்கிறது. சி, ஜாவா மொழிகளின் வகுத்தல் -3 என்கிறது. உதிரும் கடைசி பிட்டின் மதிப்பு எப்போதும் நேர்மம் என்பதால், அதை இழக்கும் எண் கீழ்நோக்கியே இறங்கும். வகுத்தலோ பின்னத்தை வெட்டி, பூஜ்யத்தை நோக்கி வருகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதன் ஆபத்தைக் கணினி அறிவியலாளர் கை ஸ்டீல் 1977-லேயே ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார்.

கம்பைலர் இந்த வேறுபாட்டை அறியும். குறியுள்ள 32 பிட் எண் `x`-ஐ 4-ஆல் வகுக்கச் சொன்னால், அது பெரும்பாலும் இப்படிச் செய்யும்:

```
y = (x + ((x >> 31) & 3)) >> 2
```

குறை எண்ணாக இருந்தால் மட்டும் முதலில் 3 கூடுகிறது. -7 என்பது -4 ஆகி, ஷிஃப்ட்டில் -1 ஆகிறது. -8 என்பது -5 ஆகி, -2 ஆகிறது. இரண்டும் வகுத்தலின் விடைகளே.

வேகத்துக்காக வகுத்தலை நாமே ஷிஃப்ட்டாக மாற்றினால் இந்தத் திருத்தம் விட்டுப்போகும். -8-ஐ மட்டும் சோதித்தால் பிழை தெரியாது, ஏனெனில் அது மீதியின்றி வகுபடும். -1-ஐச் சோதித்தால் உடனே பிடிபடும்: எத்தனை முறை தள்ளினாலும் அது -1 ஆகவே நிற்கும். பூஜ்யம் வரும்வரை பாதியாக்கும் சுழற்சி முடியவே முடியாது.

அதற்காக ஷிஃப்ட்டின் விடை எப்போதும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. திரையை எட்டு புள்ளி அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். `x >> 3` என்றால் -8 முதல் -1 வரை ஒரு கட்டம், 0 முதல் 7 வரை அடுத்த கட்டம். `x / 8` என்றாலோ -7 முதல் 7 வரை பதினைந்து புள்ளிகளும் பூஜ்யக் கட்டத்தில் குவிந்துவிடும். இங்கே கீழ்நோக்கி இறங்கும் ஷிஃப்ட்தான் வேண்டும்.