இடம் உறுதி என்று எப்போது சொல்லலாம்?

சிறிய கலை அமைப்புகள் பல இப்போது கூகுள் ஃபார்ம் வழியாகத்தான் முன்பதிவு நடத்துகின்றன. செலவில்லை, அரை மணி நேரத்தில் தயாராகிவிடும். ஆனால் படிவத்தை அனுப்பியதும் திரையில் வரும் "Your response has been recorded" என்ற வரியைப் பார்த்து, இடம் கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விடைகளின் நகலை அனுப்பும் வசதியும் இயங்கினால், அந்த நகலே டிக்கெட்டாகி வாசலில் நீட்டப்படும். அரங்கில் எத்தனை நாற்காலி என்பது அந்த வரிக்கும் தெரியாது, நகலுக்கும் தெரியாது.

ஓர் இலவசத் தெருக்கூத்து நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அரங்கில் 200 இருக்கைகள். கலைஞர்களின் குடும்பத்துக்கும் விருந்தினருக்கும் 20 ஒதுக்கினால், பொதுமக்களுக்கு 180. ஒருவர் நான்கு இருக்கைகள் வரை கேட்கலாம். 180 படிவங்கள் வந்ததும் பதிவை மூடிவிடலாம் என்று முடிவு செய்தால் அங்கேயே கணக்கு தவறுகிறது. ஒரு படிவத்துக்குச் சராசரியாக இரண்டரைப் பேர் என்றாலும் 450 பேர் வந்து நிற்பார்கள். எண்ண வேண்டியது இருக்கைகளை. விடைகள் சேரும் ஷீட்டில், கேட்ட இருக்கை எண்ணிக்கை D பத்தியிலும், நிலை E பத்தியிலும் இருந்தால், மீதி இடத்தை இந்த ஒரு வரி காட்டிவிடும்:

```
=180-SUMIF(E2:E,"உறுதி",D2:D)
```

கடைசி இருக்கைகளில்தான் சிக்கல். 178 உறுதியாகிவிட்டது, அடுத்து வந்த குடும்பம் நான்கு கேட்கிறது, அதற்குப் பின்னால் ஒருவர் இரண்டு கேட்கிறார். குடும்பத்தைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்துவிட்டு இரண்டையும் பின்னவருக்குத் தருவதா, "இரண்டுதான் இருக்கிறது, போதுமா?" என்று குடும்பத்திடம் முதலில் கேட்பதா? எனக்குப் பின்னதே நியாயமாகப் படுகிறது. எதுவானாலும், பதிவு தொடங்கும் முன்பே முடிவு செய்து படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். இந்த வேலையை ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகுளின் சிறு நிரலிடம் ஒப்படைத்தால் இன்னொரு கவனம் தேவை. இரண்டு படிவங்கள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே "மீதி இரண்டு" என்று படித்து, இரண்டுக்கும் உறுதி போய்விடும். ஒன்றைக் கணக்கிட்டு எழுதி முடிக்கும் வரை மற்றதைக் காக்க வைக்க LockService என்ற வசதி இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, பலருக்கும் பிந்தியே தெரியவரும் விஷயம். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து இந்த நிரல் ஒரு நாளில் 100 பேருக்குத்தான் மெயில் அனுப்பும். நமது கணக்கில் 180 இருக்கைகளுக்கு ஏறத்தாழ 72 பதிவுகள், ஆகவே 72 மெயில்கள். தாங்கும் என்று தோன்றும். ஆனால் வரம்பு பெறுநர் எண்ணிக்கைக்கானது. ஒவ்வொரு மெயிலின் நகலும் அமைப்பாளருக்கும் வரட்டும் என்று வைத்தால், ஐம்பதாவது பதிவோடு அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் பதிந்தவர்களுக்கு இடம் இருக்கும், மெயில் போயிருக்காது. அவர்கள் மறுபடியும் பதிவார்கள், ஒரே குடும்பம் இரு முறை இடம் பிடிக்கும். நகலை நிறுத்துங்கள். "மெயில் போனது" என்று ஒரு பத்தி வைத்து, அது காலியாக இருப்பவர்களுக்கு மறுநாள் காலை அனுப்புங்கள்.

போன மெயிலும் சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. gmail.com என்பதை gmial.com என்று அடித்தாலும் படிவம் ஏற்றுக்கொள்ளும், ஏனெனில் அது முகவரியின் வடிவத்தை மட்டுமே பார்க்கிறது. அப்படித் திரும்பி வரும் மெயில்களை தினமும் யாராவது ஒருவர் பார்த்துத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அதற்காகவே படிவத்தில் கைபேசி எண் கேட்கிறோம்.

உறுதி மெயிலின் தலைப்பிலேயே நிகழ்ச்சியின் பெயர், தேதி, இருக்கை எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். உள்ளே பதிவு எண், அரங்கு திறக்கும் நேரம், எந்த நேரம் வரை இடம் காக்கப்படும் என்ற விவரம், வர முடியாவிட்டால் விட்டுக்கொடுக்க ஓர் இணைப்பு. இலவச நிகழ்ச்சிக்குப் பதிந்துவிட்டு வராதவர்கள் எப்போதும் உண்டு. இரண்டு நாள் முன்பு நினைவூட்டல் அனுப்பினால் சிலராவது விட்டுக்கொடுப்பார்கள். அந்த இடங்கள் காத்திருப்பவர்களுக்கு வரிசைப்படி போகும். கட்டண நிகழ்ச்சியானால், பணம் கட்டும் சில நிமிடங்களுக்கு இருக்கையைப் பிடித்து வைத்து, கட்டவில்லை என்றால் தானாக விடுவிக்கும் ஏற்பாடு தேவை. அதற்கு டிக்கெட் தளங்களை நாடுவதே நல்லது.

வாசல் பட்டியலைப் பெயர் வரிசையில் அச்சிடாதீர்கள். ஒருவர் சரவணன் என்று தமிழிலும் இன்னொருவர் Saravanan என்று ஆங்கிலத்திலும் பதிந்திருப்பார். வரிசைப்படுத்தினால் இருவரும் பட்டியலின் இரு மூலைகளுக்குப் போய்விடுவார்கள். கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களின்படி அச்சிட்டால், வருபவர் எண்ணைச் சொன்னதும் வரி கிடைத்துவிடும்.