பயிற்சிக் கட்டணமும் காப்பீடும்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு

பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் கட்டிய ரசீதுகளை அடுக்கிக்கொண்டு எங்கள் காப்பீட்டுப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர். வழக்கமான மருத்துவக் காப்பீடு அவற்றுக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது என்று கருதுகிறோம்.

நான்கு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரத்திற்கு இரண்டு பேச்சுப் பயிற்சி, இரண்டு ஆக்குபேஷனல் தெரபி, அமர்வுக்கு ரூ.600 என்றால் மாதம் ஏறத்தாழ ரூ.9,600 ஆகும். குழந்தை உள்நோயாளியாகச் சேர்க்கப்படாததால், புறநோயாளிச் செலவை ஏற்கும் தனிப்பிரிவு பாலிசியில் இல்லாவிடில் இதில் ஒரு ரூபாயும் திரும்பாது. அதே குழந்தை வலிப்பு வந்து இரண்டு இரவுகள் வார்டில் தங்கினால் நிலைமை வேறு. வலிப்புக்கான சிகிச்சை, மருந்து, அதற்கெனச் செய்த இ.இ.ஜி. ஆகியவற்றுக்கு, காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால், கோரிக்கை வைக்கலாம்.

"அப்படியானால் பரிசோதனைக்காக இரண்டு நாள் சேர்த்துவிடுங்களேன்" என்று சிலர் கேட்பதுண்டு. அது பயன்படாது. பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்படுவதும், ஓய்வு மற்றும் மறுவாழ்வுப் பராமரிப்பும் பாலிசிகளின் பொது விலக்குகளில் உள்ளன. உண்மையில் நிகழாத காரணத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் எழுதவும் இயலாது. ஆனால் வலிப்பே சேர்க்கைக்குக் காரணமாக இருந்து, சம்மரியின் முதல் வரியில் 'ஆட்டிசம்' என்று மட்டும் இருந்தால் கோரிக்கை தடைபடக்கூடும். வீடு திரும்புமுன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக் கட்டணத்துக்கு நேரடியாக உதவுவது மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' திட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை காப்பீடு. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. அந்த ஒரு லட்சத்துக்குள் பயிற்சிக்கெனத் தனி உள்வரம்பு உண்டு. நாம் கணக்கிட்ட குடும்பத்தின் ஓராண்டுச் செலவான ரூ.1,15,200இல் ஒரு பகுதியையே அது ஈடுசெய்யும். முதலில் நாம் செலவிட்டுப் பின்னர் திரும்பப் பெற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு ரசீதிலும் குழந்தையின் பெயர், தேதி, பயிற்சியின் வகை, பயிற்சியாளரின் கையொப்பம் இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளி சான்று இன்றி இதில் சேர முடியாது. 'வளர்ச்சித் தாமதம்' என்று மட்டும் குறிக்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தைக்கு அச்சான்று உடனே கிடைப்பது அரிது. அதுவரை அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் பயிற்சி இலவசம். சான்று வரும்வரை பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டாம்.

சான்று கிடைத்தபின் வருமான வரியிலும் சலுகை உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள் 80டிடி பிரிவின்கீழ் ரூ.75,000, கடுமையான குறைபாடு எனில் ரூ.1,25,000 கழித்துக்கொள்ளலாம்.