பல் முளைக்கும் பாப்பாவுக்கு ஜெல் வேண்டாம்

ஆறாம் மாதத்தையொட்டிக் குழந்தைக்குப் பல் முளைக்கத் தொடங்கும். ஈறு ஊறும்; எச்சில் வடியும்; கிடைத்ததையெல்லாம் கடிக்கும். உடனே சில தாய்மார்கள் ஈறை மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவுகிறார்கள். எச்சிலோடு அது வயிற்றுக்குள் போய்விடும். வலியும் நெடுநேரம் அடங்காது.

'பென்ஸோகெயின்' கலந்த ஜெல்லில் அபாயமும் உண்டு. ரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாமற் போகலாம். உதடும் நகமும் நீலம் பாய்ந்து, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது கூடாதென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்தது.

சுத்தமான விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடலாம். குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். முதல் பல் தெரிந்ததும், மிருதுவான சிறு பிரஷ்ஷில் அரிசியளவு ஃப்ளோரைடு பற்பசை வைத்து இரு வேளையும் தேய்த்துவிடுங்கள்.